இரண்டு உலகங்களுக்கும் ஒரே நிரூபணம்

முப்பத்தெட்டுப் பக்கம். நூலால் தைத்து, மேலே தலைப்புகூட எழுதாமல், அவர் அதை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"மேடம், இதுல ஒரு தப்பு கண்டுபிடிச்சுத் தரணும்."

"என்ன தப்பு சார்?"

"அது தெரிஞ்சா நானே திருத்திருவேன்லா. ரெண்டு வருசமா தேடுதேன். இல்ல. இல்லங்கதுதான் பயமா இருக்கு."

ஒரகடத்தைச் சுற்றியிருக்கும் பல பொறியியல் கல்லூரிகளில் ஒன்றில் நான் கணினித்துறையில் பாடம் எடுக்கிறேன். அவர் கணிதத்துறை. ஊர் நாகர்கோவில் பக்கம். திருமணம் ஆகாதவர், என் வயதுதான். வடக்குப்பட்டுக்கு அருகே ஒரு மனைப்பிரிவில் தனியாக வீடு எடுத்துத் தங்கியிருந்தார். எங்கள் இரண்டு துறைக்கும் ஆசிரியர் அறை ஒன்றே. நான்கு வருடம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தும் அன்றுதான் அவர் என்னிடம் இத்தனை வாக்கியங்கள் சேர்ந்தாற்போல் பேசினார்.

முதல் பக்கத்தைப் புரட்டினேன். P-யும் NP-யும் ஒன்றல்ல என்று நிரூபித்திருப்பதாக எழுதியிருந்தது.

எங்கள் துறையில் இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. அதை நான் மாணவர்களுக்குச் சொல்லும் விதம் இது. இந்தச் சாலையில் ஓடும் கம்பெனி பஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு ஊர், ஆயிரம் தொழிலாளிகள், இத்தனை பஸ், எல்லோரும் ஷிப்டுக்கு முன்னால் வந்து சேர வேண்டும். யாராவது ஓர் அட்டவணையை நீட்டினால் அது சரியா என்று சீக்கிரம் பார்த்துவிடலாம். இப்படிச் சரிபார்ப்பது சுலபமாக இருக்கும் கேள்விகளின் கூட்டம் NP. விடையைக் கண்டுபிடிப்பதே சுலபமாக இருக்கும் கேள்விகளின் கூட்டம் P. சுலபம் என்றால், கேள்வியின் நீளம் n என்றால், n-இன் ஏதாவது ஒரு நிலையான அடுக்குக்குள், n வர்க்கமோ n-இன் பத்தாம் அடுக்கோ, வேலை முடிந்துவிட வேண்டும். சரிபார்க்க முடிந்ததையெல்லாம் கண்டுபிடிக்கவும் முடியுமா? முடியாது என்றுதான் ஏறக்குறைய எல்லோரும் நம்புகிறோம். நிரூபித்தவர் யாரும் இல்லை.

அவர் பிடித்திருந்த வழி மிகப் பழையது. மூலைவிட்ட முறை. சுலபமாக விடை காணும் எந்திரங்களையெல்லாம், அதாவது கணினி நிரல்களையெல்லாம், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்து. முதல் எந்திரம் முதல் இடத்தில் என்ன சொல்கிறதோ அதற்கு எதிராகச் சொல். இரண்டாவதோடு இரண்டாவது இடத்தில் முரண்படு. இப்படிக் கட்டிய கேள்விக்கு வரிசையில் உள்ள எந்த எந்திரமும் சரியான விடை தர முடியாது. அந்தக் கேள்வி NP-க்குள் இருக்கிறது என்றும் காட்டிவிட்டால் வேலை முடிந்தது.

அவர் காட்டியிருந்தார். குறைந்தபட்சம், காட்டியிருந்ததாக எனக்குத் தோன்றியது.

மூன்று வாரம் படித்தேன். மணிமங்கலத்தில் என் வீடு. காலையில் கல்லூரி பஸ்ஸில், மதியம் சாப்பாட்டு நேரத்தில், மாலையில் வீட்டில் என்று வரிவரியாகப் போனேன். நல்ல கையெழுத்து. அவசரமே இல்லாத கையெழுத்து. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து வந்தது. கடைசிப் பக்கத்தை மூடியபோது மகிழ்ச்சி வரவில்லை. மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று கால் நம்பி, தரையில் மோதும் அல்லவா, அப்படி ஒன்று உடம்பில் ஓடியது.

அதற்குள் விஷயம் எங்கள் முதல்வர் காதுக்குப் போய்விட்டது. அவர் கெட்டவர் இல்லை. கல்லூரியை மதிப்பிட ஒரு குழு வரவிருந்த சமயம். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க படிச்சீங்களாமே. தப்பு ஏதாவது இருக்கா?"

"இதுவரைக்கும் தெரியல சார்."

"அப்போ சரியா இருக்குன்னுதானே அர்த்தம்?"

"அப்படி இல்ல சார்."

அவர் சிரித்தார். மூன்றாவது நாள் கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. 'உலகமே தேடிய விடை' என்று பெரிய எழுத்து, அதன் கீழே கணித ஆசிரியரின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். பெரிதாக்கியதில் முகம் கலங்கி, கண் இருக்கும் இடத்தில் கறுப்பு மட்டும் இருந்தது. கருத்தரங்க அறையில் அவர் பேசுவதற்கு நாளும் குறித்தாயிற்று. இரண்டு வாரம் இருந்தது.

அந்த வாரம் ஒருநாள் காலை, ஒரகடம் சிக்னலில் எங்கள் பஸ் நின்றது. முன்னாலும் பின்னாலும் கம்பெனி பஸ்கள். இரவு ஷிப்டு முடிந்து போகிறவர்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மடியில் நிரூபணத்தோடு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு நினைவு வந்தது. வருடாவருடம் முதுகலை மாணவர்களுக்கு நானே நடத்தும் பாடம். அதை ஏன் இத்தனை நாள் மறந்தேன் என்றால், மறக்க விரும்பினேன் என்பதுதான் உண்மை. அந்த நிரூபணம் சரியாக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது.

அரை நூற்றாண்டுக்கு முன் வந்த ஒரு முடிவு அது. எல்லா எந்திரங்களுக்கும் ஒரே மாதிரி ஒரு பெட்டியைக் கொடுத்துவிடுவதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். எந்திரம் ஒரு கேள்வியைப் பெட்டிக்குள் போடும். பெட்டி ஒரே நொடியில் ஆம், இல்லை என்று சொல்லும். எப்படிச் சொல்கிறது என்று கேட்கக் கூடாது. ஆங்கிலத்தில் ஆரக்கிள் என்பார்கள், நான் வகுப்பில் அருள்வாக்கு என்பேன். கோயிலில் சாமி வந்து சொல்பவரிடம் காரணம் கேட்க முடியாதே. பெட்டி இருக்கும் உலகத்தில் P-யும் NP-யும் நம் உலகத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நிரூபணத்தை எடுத்து முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். இந்த முறை 'எந்திரம்' என்று வந்த இடத்திலெல்லாம் மனதுக்குள் 'பெட்டி வைத்த எந்திரம்' என்று மாற்றிக்கொண்டே போனேன். எந்திரங்களை வரிசைப்படுத்து என்றது. பெட்டி வைத்த எந்திரங்களையும் வரிசைப்படுத்தலாம். ஓர் எந்திரத்தை இன்னொன்றால் நடித்துக் காட்டு என்றது. அதுவும் ஆகும். உள்ளே இருக்கும் எந்திரம் பெட்டியைக் கேட்டால், நடிக்கும் எந்திரம் தன் பெட்டியைக் கேட்டுப் பதிலைத் தந்துவிடும். விடையைத் திருப்பு என்றது. திருப்பலாம். எந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று முப்பத்தெட்டுப் பக்கத்தில் ஓர் இடத்திலாவது எட்டிப் பார்த்திருந்தால் அங்கே இந்த மாற்றம் தடுக்கியிருக்கும். எங்கேயும் தடுக்கவில்லை. நிரூபணம் அந்த உலகத்துக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்து, அங்கே காலங்காலமாக இருந்ததைப் போல உட்கார்ந்துகொண்டது.

இப்படி எல்லா உலகத்துக்குள்ளும் அது நுழையக் கூடாது. ஏனென்றால், P-யும் NP-யும் ஒன்றாகவே இருக்கும் ஒரு பெட்டி உலகம் உண்டு. அது நிரூபிக்கப்பட்டது.

அன்றே அவரிடம் சொன்னேன். ஆசிரியர் அறையில் மற்றவர்கள் வகுப்புக்குப் போயிருந்தார்கள்.

"சார், ஒரு பெட்டி எடுத்துக்கோங்க. நியாயமான அளவு நினைவகத்துல போட்டு முடிக்கக்கூடிய எந்தக் கணக்கா இருந்தாலும் அது பதில் சொல்லிடும். நேரம் எவ்வளவு ஆனாலும் கவலையில்ல, இடம் மட்டும் அளவா இருந்தா போதும். அந்தப் பெட்டி இருந்தா NP-ல இருக்கிற கேள்விக்கு என்ன ஆகும்?"

அவர் யோசித்தார். "ஊகம் ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கலாம். ஒண்ண அழிச்சு அதே இடத்துல அடுத்தது. நேரம் ரொம்ப ஆவும். இடம் ஆவாது. நடுவுல பெட்டிகிட்ட கேட்டிருந்தாலும், அந்தக் கேள்வி சின்னதுதான, அதையும் அதே மாதிரி நாமளே போட்டுரலாம்."

"அப்போ மொத்தமும் அளவான இடத்துல முடியுது."

"முடியுது. அப்பம் அதையே ஒரு கேள்வியா எழுதி…" நிறுத்தினார். "பெட்டிக்குள்ள போட்டுரலாம். ஒரே கேள்வி. அங்க P-யும் NP-யும் ஒண்ணு."

"உங்க நிரூபணம் அங்கயும் அப்படியே பொருந்துது சார். ஒரு வரி மாத்த வேண்டாம். அங்கே அது ரெண்டும் வேறன்னு சொல்லுது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பம் தப்பு இருக்கு."

"இருக்கு."

"எந்த வரி?"

"தெரியல சார்."

எத்தனையோ விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். தவறு இருக்கிறது என்று இத்தனை உறுதியாகத் தெரிந்தும், அது இருக்கும் இடம் தெரியாமல் இருந்தது அதுதான் முதல் முறை. ஒரு வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று தெரிகிறது, எந்த அறையைத் திறந்தாலும் ஆள் இல்லை.

"மூலைவிட்ட முறையே தப்பா?" என்றார்.

"இல்ல. நேரம் நிறையக் கொடுத்தா நிறையக் கேள்விக்கு விடை காணலாம்னு அதை வெச்சுத்தான் நிரூபிச்சிருக்காங்க. எந்தப் பெட்டி வெச்சாலும் அது உண்மை. ஆனா P, NP விஷயத்துல பெட்டிக்குப் பெட்டி பதில் மாறுது. பெட்டியைக் கண்டுக்காத முறை எதுவும் இதை முடிச்சு வைக்க முடியாது."

"அப்பம் இதே முறையை வெச்சு ரெண்டும் ஒண்ணுன்னு நிரூபிக்கலாம்லா?"

அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தேன். மறுநாள் அவர் வருவதற்கு முன்பே ஒரு வேலை செய்து வைத்தேன். ஆசிரியர் அறைச் சுவரில், விடைத்தாள் கட்டு வைக்கும் மர அலமாரி உண்டு. எட்டுக்கு எட்டு, அறுபத்துநாலு அறை. அவர் வந்ததும் சொன்னேன்.

"இதுல எதாவது ஒரு அறையில ஒரு சீட்டு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பத்து அறைதான் பாக்கலாம். பாத்துட்டு, இருக்கா இல்லையான்னு சொல்லணும்."

அவர் நிதானமாகப் பத்து அறைக்குள் கை விட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் இடையே யோசித்தார். எதிலும் இல்லை.

"இல்ல," என்றார்.

எழுந்து போய், ஐந்தாவது வரிசையில் ஓர் அறையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினேன். அவர் கை அதற்கு மேலேயும் கீழேயும் போயிருந்தது. அதற்குள் போகவில்லை.

"இருக்குன்னு சொல்லியிருந்தா?"

"சீட்டே வெச்சிருக்க மாட்டேன்."

"அது ஏமாத்து மேடம். நான் சொன்னப் பொறவுல்லா முடிவு பண்ணுதீங்க."

"நீங்க எந்திரம், இந்த அலமாரி பெட்டின்னா ஏமாத்து இல்ல சார். எந்திரம் என்ன செய்யும்னு அதோட நிரல்லயே இருக்கு. எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு பதில் வந்தா எந்தெந்த அறையைப் பாக்கும், கடைசியில என்ன சொல்லும்னு முன்னாடியே போட்டுப் பாத்துடலாம். இருக்குன்னு சொல்ற எந்திரமா இருந்தா அலமாரியைக் காலியா விடுவேன். இல்லன்னு சொல்ற எந்திரமா இருந்தா, அது பாக்காத அறையில சீட்டு. நீளம் n-ன்னா ரெண்டின் n அடுக்கு அறைகள். எந்திரத்தால அத்தனையும் பாக்க முடியாது, பாக்காத அறை கண்டிப்பா இருக்கும். அடுத்த எந்திரத்துக்கு இன்னும் பெரிய அலமாரி, முன்னால யாரும் கை வைக்காத நீளத்துல. இப்படியே எல்லா எந்திரத்துக்கும். ஆனா சரியான அறை எதுன்னு யாராவது சொல்லிட்டா ஒரே ஒரு தடவை பாத்துச் சரிபார்க்கலாம். அதனால கேள்வி NP-ல இருக்கு, P-ல இல்ல. அந்தப் பெட்டி உலகத்துல ரெண்டும் வேற. அதனால ரெண்டும் ஒண்ணுன்னும் இந்த முறையால நிரூபிக்க முடியாது."

"இந்தப் பெட்டியைக் கட்டுனதும் மூலைவிட்ட முறைதான்," என்றார் மெல்ல.

"ஆமா."

அவர் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "இன்னிக்கு நீங்க சீட்டை எப்பம் வச்சீங்க?"

"காலையில."

"நான் அதைப் பாக்க மாட்டேன்னு தெரிஞ்சா வச்சீங்க?"

"சும்மா வெச்சேன் சார். அறுபத்துநாலுல பத்துதானே பாப்பீங்க."

அவர் நம்பவில்லை. அடுத்த நாளிலிருந்து கல்லூரிக்கு வரவில்லை.

முதல்வர் கூப்பிட்டுக் கேட்டார். நான் தவறு இருக்கிறது என்றேன். எந்த வரி என்றார். தெரியாது என்றேன். "வரி காட்டாம தப்புன்னு எப்படிம்மா சொல்றீங்க? அவர்கிட்ட முப்பத்தெட்டுப் பக்கம் இருக்கு. உங்ககிட்ட என்ன இருக்கு?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என்னிடம் இருந்தது இல்லாத ஓர் உலகம்தான்.

நான்காம் நாள் சனிக்கிழமை. மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். வடக்குப்பட்டைத் தாண்டி, ஒரு தொழிற்சாலையின் நீண்ட மதிலை ஒட்டிய மனைப்பிரிவு. அளந்து கல் நட்ட மனைகள், முள்செடி, அவற்றுக்கு நடுவே ஒரே வரைபடத்தில் கட்டிய ஏழெட்டு வீடுகள். மதிலுக்கு உள்ளேயிருந்து இடைவிடாத ஒரு ரீங்காரம். நல்ல வெயில். ஆனால் நிழல் விழும் இடத்தில் யாரும் நிற்கவில்லை, பேச்சுக்குரலும் இல்லை. எந்த வீடு என்று தெரியாமல் நின்றபோது ஒரு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்மணி என்னைப் பார்த்தார்.

"சார் வூடா? அதோ அதான். நீங்கோ அவுருக்கு இன்னா வேணும்?"

"கூட வேலை பாக்கிறேன்."

"கூட யாரு தங்கிக்கினு கீறாங்கோ? நாலு நாளா ரெண்டு பேரு பேசிக்கினே கீற மாதிரி சத்தம். ஒருத்தரு சொல்றாரு, இன்னொருத்தரு அதையே திருப்பிச் சொல்றாரு. ஆளு யாரும் உள்ள போயிப் பாக்கலயே."

கதவு திறந்துதான் இருந்தது. தரையில் இரண்டு வரிசையாகத் தாள்கள். ஒவ்வொரு வரிசையிலும் முப்பத்தெட்டு. நடுவே அவர் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். ஆனால் சட்டை தேய்த்துப் போட்டிருந்தார், அது எனக்கு என்னவோ செய்தது.

"வாங்க மேடம். ரெண்டாவதும் முடிஞ்சு."

"ரெண்டாவது என்ன?"

"அந்த உலகத்து நிரூபணம். ரெண்டும் ஒண்ணா இருக்க உலகம்." இடது வரிசையையும் பிறகு வலது வரிசையையும் காட்டினார். "இது நம்மளது. இது அங்க இருக்கவனுது. ஒரு வரி நான் வாசிப்பேன், ஒரு வரி அவன் வாசிப்பான். எங்க பிரியுதுன்னு பாக்கேன்."

குனிந்து பார்த்தேன். நம் உலகத்துக்கு வைத்திருந்த தாள்களில் எந்திரங்களின் பெயர்கள் வெறுமனே இருந்தன. மற்றதில் ஒவ்வொரு பெயரின் தலையிலும் பெட்டியைக் குறிக்கும் சின்ன A, பென்சிலில். மற்றபடி அவை ஒன்றே. சொற்கள் மட்டுமல்ல, வரி உடையும் இடம், அடித்துத் திருத்திய இடம்கூட.

"பாத்து எழுதினீங்களா?"

"முதல் கட்டை பீரோல வச்சுப் பூட்டிட்டுத்தான் எழுதினேன். முடிச்சப் பொறவுதான் எடுத்தேன்."

இரண்டு வருடமாக மனப்பாடம் ஆகிவிட்ட எழுத்து, கை தானாக எழுதும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் இரண்டு பக்கங்களை எடுத்து, ஒன்றின் பென்சில் A-க்களை ரப்பரால் அழித்தார். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றி வைத்துவிட்டு முன்னால் நீட்டினார்.

"எது எந்த உலகம்?"

நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அவரிடம் திருப்பித் தந்தபோது அவர் முகத்தில் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன், அவருக்கும் தெரியவில்லை.

"அங்க இருக்கவனுக்கும் அது சரியாத்தான் தெரியும்," என்றார். "அவனும் ரெண்டு வருசம் தேடியிருப்பான். அவன் பெட்டியப் பாத்ததில்லன்னு வச்சிக்குவோம். நான் எங்க இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும் மேடம்?"

வெளியே ரீங்காரம் ஒரு கணம் நின்றது போல இருந்தது. நிற்கவில்லை.

"சார், ரெண்டாவது கட்டை நான் எடுத்துட்டுப் போறேன்," என்றேன். ஏன் கேட்டேன் என்று அப்போது தெரியாது. அந்த இரண்டையும் ஒரே வீட்டில் அவரோடு விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான். அவர் மறுக்கவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரகடத்தில் சாப்பிட வைத்தேன். இட்லியைப் பார்த்ததும் அவர் பசியோடு சாப்பிட்டார், அதைப் பார்த்துக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஞாயிறு காலை வீட்டில் அந்தக் கட்டைப் பிரித்தேன். நம் உலகத்து நிரூபணத்தைப் படித்தபோது ஒருவேளை சரியாக இருக்குமோ என்ற ஆசை ஒவ்வொரு வரியிலும் கூடவே வந்தது. இதில் அது இல்லை. இந்த முடிவு இங்கே பொய். பொய் சொல்லப் போகிறவன் என்று தெரிந்தே ஒருவன் பேச்சைக் கேட்பது போலக் கேட்டேன்.

பொய் மட்டுமல்ல, அந்த உலகத்தில் எதிர் உதாரணமும் கைக்கு எட்டியது. அவர் கட்டிய கேள்வி NP-க்குள் இருக்கிறது என்கிறார். அங்கே NP-யும் P-யும் ஒன்று. ஆகவே அந்தக் கேள்விக்குச் சுலபமாக விடை காணும் எந்திரம் ஒன்று அவருடைய வரிசையிலேயே இருந்தாக வேண்டும். அதன் எண் j என்று வைத்தேன். அந்த j-ஐக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, பக்கம் பக்கமாக நடந்தேன். j-ஆம் இடத்தில் அது தன்னோடு தானே முரண்பட வேண்டும். அது நடக்காது. எனவே அதற்கு முன் எங்கோ நடை தடுக்கியே ஆக வேண்டும்.

இருபத்துமூன்றாம் பக்கத்தில் தடுக்கியது.

எந்திரத்தின் வேலையை ஊகித்துச் சரிபார்க்க அவர் ஒரு மடிப்பு முறை வைத்திருந்தார். அழகான முறை. அதற்கு ஆகும் நேரம் n-இன் c அடுக்கு என்று எழுதியிருந்தார். j-க்கு இந்த c எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். j-இன் வேகத்தைப் பொறுத்தது அது. எந்திரத்துக்கு எந்திரம் c மாறும், வரிசையில் மேலே போகப் போக எல்லையில்லாமல் வளரும். இருபத்திரண்டாம் பக்கத்தில் அவரே அதை c என்று எழுதி, காலடியில் எந்திரத்தின் எண்ணைச் சின்னதாகப் போட்டிருந்தார். இருபத்துமூன்றில் அந்தச் சின்ன எண் இல்லை. ஒரு நிலையான அடுக்கு என்று நினைத்துத்தான் கேள்வியை NP-க்குள் சேர்த்திருந்தார். அந்த அடுக்கு நிலையானதில்லை. கேள்வி NP-க்குள்ளேயே வரவில்லை.

ஒரு சின்ன எண். அவர் அதைப் போடவில்லை. நான் மூன்று வாரமும் அதைப் பார்த்தேன், ஏனென்றால் என் கண் அதைத் தானே அங்கே போட்டுக்கொண்டது.

அவருக்குப் போன் செய்தேன். "இருபத்திமூணாம் பக்கம் சார். மேலேயிருந்து ஏழாவது வரி." போனில் தாள் சரசரக்கும் ஒலி. அவர் கையில் இருந்தது மற்ற கட்டு, நம் உலகத்துக் கட்டு.

"இங்கயும் இல்ல மேடம்," என்றார். "இங்கயும் அந்த நம்பர் இல்ல."

குறித்த நாளில் அவர் வந்தார். முதல்வரிடம் முன்பே சொல்லியிருந்தோம். ரத்து செய்தால் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் கலங்கியபோது, "நானே சொல்லுதேன் சார்," என்றார் இவர். கருத்தரங்க அறை நிறைந்திருந்தது. அவர் மேடையேறி, கரும்பலகையில் c என்று ஒரே ஓர் எழுத்தை எழுதினார். அதன் காலடியில் எண்ணைப் போட்டார். பிறகு, தான் நிரூபிக்கவில்லை என்பதையும், தான் எடுத்த வழி பெட்டியை மாற்றினாலும் மாறாத வழி என்பதால் அது மட்டும் போதாது என்பது வரி தெரிவதற்கு முன்பே தெரிந்துவிட்டது என்பதையும் நாற்பது நிமிடம் விளக்கினார். அலமாரி விளையாட்டையும் சொன்னார். அத்தனை தெளிவாக ஒரு வகுப்பை நான் கேட்டதில்லை. முதல்வர்கூட முன்வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். எழும்போது என்னிடம், "அன்னைக்கு நீங்க சொன்னது இப்பத்தாம்மா புரியுது," என்றார். ஃப்ளெக்ஸை அன்று மாலையே அவிழ்த்துவிட்டார்கள்.

அதன்பின் அவர் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மாடி அறைக்குக் குடிபோனார். மூன்று ஷிப்டுக்கும் ஆள் ஏறி இறங்கும் இடம். டீக்கடைச் சத்தம் ஓயாது. தூக்கம் நன்றாக வருகிறது என்றார். இப்போது எந்திரத்தைத் திறந்து உள்ளே பார்க்கும் முறைகளைப் படிக்கிறார், பெட்டி வைத்தால் உடைந்துபோகும் முறைகள். அவையும் வேறு சுவர்களில் முட்டி நிற்பவைதான். அவருக்கும் தெரியும்.

போன பருவத்தேர்வு விடுமுறைக்கு முன்னால் என் மேசைக்கு வந்து இன்னொரு கட்டை வைத்தார்.

"மூணாவது ஒண்ணு எழுதிப் பாத்தேன் மேடம். அலமாரி உலகம்."

"அங்கே ரெண்டும் வேறதானே சார்."

"அதான். அதே நிரூபணம், அதே இருபத்திமூணாம் பக்கம், அதே தப்பு. ஆனா முடிவு உண்மை. அங்க இருக்கவனுக்கும் ஃப்ளெக்ஸ் வச்சிருப்பாங்க. அவன் சொன்னதும் நெசந்தான். ஆனா அவன் அதை நிரூபிக்கல. அவனுக்கு யாரு சொல்லுவா?"

"அங்கயும் ஒருத்தி இருப்பா. ரெண்டும் ஒண்ணாகிற இன்னொரு பெட்டியை அலமாரிக்கு மேல வெச்சுப் பாக்கச் சொல்லுவா. அங்கயும் அதைச் செய்யலாம்."

"செய்யலன்னா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், வகுப்பு மணி அடிக்கும் நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்தபடி. நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். கட்டு என் மேசையில் இருக்கிறது. இருபத்திரண்டாம் பக்கம் வரை படித்துவிட்டேன்.